கேட் எண் இரண்டு, பதினொன்று நாற்பத்தைந்து

கோபத்தோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடிக்கும்போது தணிந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். பல வருஷமாகத் தணியாதது இரண்டு மணி நேரத்தில் எப்படித் தணியும்?

எனக்கு மருத்துவக் கல்லூரி கலந்தாய்வுக்கு அழைப்பு வந்த சமயம் அது. அப்போதெல்லாம் சென்னைக்கு நேரில் போக வேண்டும். தரவரிசைப்படி ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தேதி, ஒரு நேரம் கொடுப்பார்கள். எனக்குக் கொடுத்தது வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரை. தாமதமாக வருகிறவர்களுக்கு அவர்கள் வந்து சேரும் நேரத்தில் மிச்சமிருக்கும் இடம்தான் என்று கடிதத்தின் கீழே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. என் மதிப்பெண் விளிம்பில் நிற்கிற மதிப்பெண். முன்னால் இருக்கும் நூறு பேர் எடுத்துக்கொண்ட பிறகு ஒன்றோ இரண்டோ மிஞ்சும், அதில் ஒன்று எனக்கு. ஒரு மணி நேரம் பிந்தினால் அதுவும் இல்லை. இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

வியாழன் இரவு கம்பத்தில் பஸ் ஏறினால் விடிந்ததும் சென்னை. ஊரில் எல்லாரும் அப்படித்தான் போய் வருவார்கள். ஆனால் வியாழக்கிழமை நவமி. பெரியப்பா தினசரி காலண்டரைக் கிழிக்காமல், தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நவமியில புள்ளைய வாசல் தாண்ட விட மாட்டேன்" என்று ஒற்றைக் காலில் நின்றார். பெரியப்பா என்றால் அப்பாவின் கூடப் பிறந்த அண்ணன். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறவர். எங்கள் வீட்டில் அவர் சொன்ன பிறகு வேறு பேச்சுக் கிடையாது. திராட்சைக் கொடியைக் கவாத்து வெட்டும் நாளிலிருந்து, என் அம்மா பிறந்த வீட்டுக்குப் போகிற நாள் வரைக்கும் அவர் குறித்துக் கொடுப்பதுதான்.

"அப்ப எப்படிப் பெரியப்பா போறது?" என்று கேட்டேன்.

"பிளேன்ல போவோம்" என்றார்.

வீடே வாயைப் பிளந்தது. அவரே தேனிக்குப் போய், டிக்கெட் போடுகிற கடையில் உட்கார்ந்து, மூன்று டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார். அவருக்கு, அப்பாவுக்கு, எனக்கு. காலையிலேயே ஒரு விமானம் இருந்ததாம். அது ராகு காலத்தில் வருகிறது, வேண்டாம் என்றுவிட்டார். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். அதனால் பன்னிரண்டு பத்துக்குப் புறப்படுகிற விமானம். "ராகு காலம் முடிஞ்சு பத்து நிமிசம் கழிச்சு ஏறுறோம். ஒன்றரைக்கு மெட்ராஸ். மூன்றரைக்குக் கவுன்சிலிங். எப்புடி?" என்று எல்லார் முகத்தையும் பார்த்தார். எனக்கும் அப்போது அது பெரிய சாமர்த்தியமாகத்தான் தெரிந்தது. என் புத்தியை என்ன சொல்ல!

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் கம்பம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வர வேண்டும், எத்தனை மணிக்கு வெளியே போக வேண்டும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புகிற வேலை. ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்கிற வண்டியை அவர் விட்டதில்லை. டீ குடிக்கப் போன டிரைவர் வரவில்லை என்றால், அடுத்த வண்டியை முன்னால் எடுக்கச் சொல்லிவிடுவார். கெஞ்சினாலும் கேட்க மாட்டார். வெளியே அப்படிப்பட்ட மனிதர். வீட்டில், அண்ணன் முன்னால், வாயில் கொழுக்கட்டை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் காரில் கிளம்பினோம். பத்து மணிக்கு முன்னாலேயே மதுரை விமான நிலையம். வாசலில் நின்ற காவலரிடம் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் காட்டி உள்ளே போனோம். மூன்று பேரிடமும் கைப்பைதான். என் சான்றிதழ் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கோப்பில், அது என் தோள்பையில். அம்மா அதைப் பூஜை அறையில் வைத்து எடுத்துக் கொடுத்திருந்தாள். அது மட்டும் பெரியப்பா கைக்குப் போகாமல் என்னிடம் இருந்தது எந்தச் சாமி புண்ணியமோ!

கவுண்டரில் இருந்த பெண் மூன்று சீட்டுகளை அச்சடித்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது ஒவ்வொன்றிலும் பேனாவால் இரண்டு இடத்தில் வட்டம் போட்டாள். "கேட் நம்பர் ரெண்டு. போர்டிங் பதினொண்ணு இருபத்தஞ்சு" என்றாள். பெரியப்பா வாங்கியதும் அப்படியே சட்டைப் பையில் வைக்கப் போனார். அப்பாதான், "அண்ணே, ஒரு நிமிசம்" என்று வாங்கிப் பார்த்தார்.

எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன், அப்பா அந்தச் சீட்டைப் படித்த அழகை. பஸ் ஸ்டாண்டில் டிரிப் ஷீட் பார்ப்பது மாதிரி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மேலிருந்து கீழே ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். புரியாததை அந்தப் பெண்ணிடமே கேட்டார். வெட்கப்படவில்லை. பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்துக் காட்டினார்.

"இது சீட்டு நம்பர். பதினெட்டாவது வரிசை. அவரு ஏ, நான் பி, நீ சி. இந்தா, சீக்வென்ஸ்னு போட்டு அறுபத்தி மூணுன்னு இருக்குல்ல, அது ஒக்கார்ற எடம் இல்ல. இந்த வண்டிக்குச் சீட்டு வாங்குனவுகள்ல நீ அறுபத்தி மூணாவது ஆளு. அண்ணனுக்கு அறுபத்தி ஒண்ணு, எனக்கு அறுபத்தி ரெண்டு. யாரு ஏறல, யாரு ஏறியாச்சுன்னு அவுக டிக் அடிக்கிறதுக்கு."

"ஜோன் மூணுன்னு இருக்கேப்பா?"

"அது எடம் கெடையாது. எல்லாத்தையும் ஒண்ணா ஏத்துனா நெரிசல் ஆகும்ல, அதுனால மூணு கூட்டமாப் பிரிச்சு ஏத்துறாக. நம்ம மூணாவது கூட்டம். கேட்டு ரெண்டுங்கறதுதான் எடம். அங்கன போய் ஒக்காரணும்."

அப்புறம் அவர் விரல் பேனா வட்டத்தில் நின்றது. "இதுதான் முக்கியம். பதினொண்ணு இருபத்தஞ்சுங்கறது ஏத்த ஆரம்பிக்கிற நேரம். பன்னெண்டு பத்து வண்டி நகர்ற நேரம். நடுவுல கேட்டச் சாத்திருவாக. கீழ பாரு, பொறப்படறதுக்கு இருபத்தஞ்சு நிமிசம் முன்னாடி கேட்டு சாத்தப்படும்னு பொடி எழுத்துல போட்டிருக்கான். அப்படின்னா?"

"பதினொண்ணே முக்கால்" என்றேன்.

"ஆங். பதினொண்ணே முக்காலுக்கு மேல தலைகீழா நின்னாலும் ஏத்த மாட்டாக."

இப்படி எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். யாரோ இல்லை. என் அப்பா. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சோதனை முடிந்து, சீட்டில் முத்திரை வாங்கி, உள்ளே போய் இரண்டாம் எண் கேட்டுக்கு எதிரில் மூன்று நாற்காலியில் உட்கார்ந்தோம். பெரியப்பா நடுவில். மூன்று சீட்டுகளையும் அவர் வாங்கிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார். குடும்பத்தோடு எங்கே போனாலும் டிக்கெட் அவரிடம்தான் இருக்கும்; பழனிக்குப் போனாலும் சரி, வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனாலும் சரி.

மணி பதினொன்றைத் தாண்டியது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அண்ணே, பதினொண்ணு இருபத்தஞ்சுக்கு ஏத்த ஆரம்பிக்கிறாக."

"ஆரம்பிக்கட்டும்."

"நம்ம எப்ப..."

"பன்னெண்டு அடிக்கட்டும். ராகு காலத்துல நான் படியேற மாட்டேன். அதுக்குத்தானேடா இந்த வண்டிய எடுத்தேன்? வண்டி பன்னெண்டு பத்துக்கு. கேட்டு இந்தா எதுத்தாப்புல இருக்கு. பத்து நிமிசத்துல ஏற முடியாதா?"

"இல்லண்ணே, பதினொண்ணே முக்காலுக்குக் கேட்டச் சாத்திருவாகன்னு..."

"ஏலே, நீ பஸ்ஸப் பாத்தவன். பிளேனப் பத்தி எனக்குச் சொல்றியா? இங்கன வந்து ஒக்காந்ததுல தோசமில்ல. பாதையில இருக்கோம், அம்புட்டுத்தான். வண்டிக்குள்ள கால் வைக்கிறோம் பாரு, அதுதான் கிளம்புறது. படிக்கப் போற புள்ள. ராகு காலத்துல கால் வச்சு அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?"

அப்பா தரையைப் பார்த்தார். அவ்வளவுதான், முடிந்தது. ஒரே ஒரு தடவை சொன்னார். டீ குடிக்கப் போன டிரைவருக்காக ஒரு நிமிஷம் பொறுக்காத மனிதர் இதோடு நிறுத்திக்கொண்டார்.

நான் சொன்னேன். "பெரியப்பா, சீட்டுலயே போட்டிருக்கு, எடுத்துப் பாருங்க" என்றேன். அவர் சட்டைப் பையை ஒரு தட்டுத் தட்டினார். "ஆத்தா, ஒனக்கு நம்பர் அறுபத்தி மூணு. தேனி ஆஸ்பத்திரியில டோக்கன் குடுக்கறாகள்ல, அதே கணக்குத்தான் இது. நம்பரக் கூப்புடாம டாக்டரு உள்ள விடுவாரா? இல்ல நம்பர் வாங்குன ஆள விட்டுட்டு வீட்டுக்குப் போயிருவாரா? அறுபத்தி மூணுன்னு கூப்புடுவாக. அதுலயும் நம்ம மூணாவது ஜோன். கடைசிக் கூட்டம். பதறாத."

அப்பா சொல்லிக் கொடுத்ததை அவரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். காதில் விழுந்ததை எல்லாம் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். சீக்வென்ஸ் நம்பர் அவருக்கு டோக்கன் ஆகிவிட்டது. மூன்றாவது ஜோன் என்பது சாவகாசமாகப் போகலாம் என்று ஆகிவிட்டது. போர்டிங் நேரம் அவரைக் கட்டுப்படுத்தாது. அதில் ராகு இருக்கிறார்.

பதினொன்று இருபத்தைந்து. சொன்னபடி ஆரம்பித்தார்கள். ஜோன் ஒன்று என்று கூப்பிட்டதும் ஒரு கூட்டம் எழுந்து போய் வரிசையில் நின்றது. கேட்டில் நின்ற பெண் ஒவ்வொரு சீட்டையும் ஒரு கருவியில் காட்டி, அது 'டிங்' என்றதும், ஓரத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு ஜோன் இரண்டு. எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவும் பெண்ணும் போனார்கள். அந்தப் பெண் கையிலும் என் கோப்பு மாதிரியே ஒரு கோப்பு. அவளும் கலந்தாய்வுக்குத்தான் போகிறாளோ என்னவோ!

பதினொன்று முப்பத்து நான்கு. ஜோன் மூன்று.

நான் எழுந்தேன். பெரியப்பா என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார். "நம்பர் கூப்புடலயே" என்றார்.

வரிசை குறைந்தது. பத்துப் பேர், ஐந்து பேர், ஒருவர். பிறகு யாரும் இல்லை. நாற்காலிகள் எல்லாம் காலி. அந்த முழு ஹாலில் அந்த விமானத்துக்கு நாங்கள் மூன்று பேர் மட்டும், அதுவும் கேட்டுக்கு நேர் எதிரில், கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். சே! இன்றைக்கு நினைத்தாலும் உடம்பெல்லாம் எரிகிறது.

கையில் வாக்கி டாக்கியோடு ஒரு பெண் வந்தாள். "சென்னை, சென்னை! சென்னை யாராவது இருக்கீங்களா?" என்று பஸ் ஸ்டாண்டு கண்டக்டர் மாதிரி கத்திக்கொண்டே வந்தாள். எங்களைப் பார்த்ததும் நின்றாள்.

"சார், சென்னையா?"

பெரியப்பா மேலே மின்விசிறி இருக்கிறதா என்று தேடுகிறவர் போலக் கூரையைப் பார்த்தார். பிறகு, "ஆமாம்மா. பன்னெண்டு ஆகட்டும், வர்றோம்" என்றார்.

"பன்னெண்டா? சார், பதினொண்ணே முக்காலுக்கு கேட் க்ளோஸ். எல்லாரும் போர்ட் ஆயிட்டாங்க. சீக்வென்ஸ் அறுபத்தி ஒண்ணு, ரெண்டு, மூணு மட்டும்தான் பாக்கி. அது நீங்கதானா?"

பெரியப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. என்னைப் பார்த்து, "பாத்தியா? நம்பர் சொல்லிக் கூப்பிட்டாகளா இல்லியா? நம்ம பேர்ல இருக்கு, நம்ம எடத்த ஒருத்தனும் எடுக்க முடியாது" என்றார். அவளிடம், "இன்னம் கொஞ்ச நேரந்தாம்மா. ராகு காலம். நீ வெளியூர்ப் புள்ளையா? டிரைவர்ட்ட நான் சொன்னேன்னு சொல்லு" என்றார்.

டிரைவரிடம்! விமானத்தில்!

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "சார், நான் விளையாடல. இப்ப பதினொண்ணு நாப்பது. நாப்பத்தஞ்சுக்கு சிஸ்டம்ல க்ளோஸ் பண்ணிடுவோம். அப்புறம் நானே நெனச்சாலும் முடியாது" என்று சொல்லிவிட்டுக் கேட்டைப் பார்த்து நடந்தாள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். எனக்குத் தெரிவதை விட நன்றாகத் தெரியும். "அப்பா" என்றேன். அவர் நிமிரவில்லை. "அப்பா, சொல்லுங்கப்பா" என்றேன்.

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. எழுந்து, குனிந்து, பெரியப்பாவின் சட்டைப் பைக்குள் கையை விட்டேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் தெரியும். பெரியப்பாவுக்கு முன்னால் நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்ததே அன்றைக்குத்தான். அவர் சாப்பிடும்போது அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுதான் என்ன வேண்டும் என்று கேட்பாள். அந்த மனிதரின் சட்டைப் பைக்குள், பொது இடத்தில், ஒரு பொட்டைப் பிள்ளை கையை விட்டது. மூன்று சீட்டும் மூக்குக் கண்ணாடியும் ஒரு சின்னத் திருநீற்றுப் பொட்டலமும் சேர்ந்து வந்தன. கண்ணாடி கீழே விழுந்தது. அவர் என் கையைப் பிடிக்கக்கூட இல்லை. அதிர்ச்சியில் வாயைத் திறந்துகொண்டு அப்படியே இருந்தார்.

அறுபத்து மூன்று என்று இருந்த சீட்டை எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் அப்பாவின் மடியில் வைத்தேன். "வாங்கப்பா" என்றேன். ஓடினேன்.

இருபது அடிதான் இருக்கும். கேட்டில் சீட்டை நீட்டினேன். 'டிங்' என்றது. "அறுபத்தி மூணு வந்தாச்சு" என்று அந்தப் பெண் வாக்கி டாக்கியில் சொன்னாள். "மத்த ரெண்டு பேர்?" என்று என்னைக் கேட்டாள்.

"வருவாக" என்றேன். திரும்பிப் பார்த்தேன். பெரியப்பா கண்ணாடியை எடுக்கக் குனிந்துகொண்டிருந்தார். அப்பா மடியில் இரண்டு சீட்டு. அப்பா உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தார். எழுந்திருப்பார் என்று நான் முழுதாக நம்பினேன். விமானத்துக்குள் போய் பதினெட்டாவது வரிசையில் என் இடத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பணிப்பெண் வந்து பையை முன்சீட்டுக்கு அடியில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். கதவைச் சாத்தினார்கள். எனக்குப் பக்கத்தில் ஏயும் பியும் காலியாக இருந்தன.

பன்னிரண்டு எட்டுக்கே நகர்ந்துவிட்டது. நான் விமானத்தில் போனது அதுதான் முதல் தடவை. ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காரலாம் என்று பணிப்பெண் சொன்னாள். நகரவில்லை. மேகத்தைப் பார்த்தேனா, மலையைப் பார்த்தேனா, ஒன்றும் நினைவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முன்சீட்டின் துணியையே பார்த்துக்கொண்டு போனேன். சென்னையை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. கையில் அம்மா கொடுத்த கொஞ்சம் பணம். ஆட்டோக்காரரிடம் கடிதத்தைக் காட்டி, அதில் இருந்த முகவரிக்குப் போகச் சொன்னேன். மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

என் முறை வந்தபோது மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி கேட்டார்: "கூட யாரும் வரலையாம்மா?"

"அப்பா வந்துட்டிருக்காக" என்றேன். வேறென்ன சொல்ல?

திரையில் நான் எடுக்கக்கூடிய இடங்கள் தெரிந்தன. இரண்டே இரண்டு. தேனியில் ஒன்று, தூத்துக்குடியில் ஒன்று. தேனி என்றேன். இரண்டும் ஒன்றானது. எனக்குப் பின்னால் வந்த பையன் தூத்துக்குடியை எடுத்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் வந்தவள் வெளியே வரும்போது அவள் அம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். மணி நான்கு இருபது. அந்த நேரத்தில் அப்பாவும் பெரியப்பாவும் மதுரையில் சாயங்கால விமானத்துக்கு இடம் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்களாம். அவர்களோடு நானும் உட்கார்ந்திருந்தால் அழுதது நான்தான்.

ஊருக்கு வந்தேன். வாசலில் ஆலம் சுற்றி வரவேற்பார்கள் என்று நினைத்தால், அம்மா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரியப்பா காலில் விழச் சொன்னாள். "சீட்டு கெடச்சது இருக்கட்டும். அவர் பையில கைய விட்டியாமே" என்றாள். விழ மாட்டேன் என்றேன். அம்மா எனக்காக விழுந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பாவி. பெரியப்பா ஊர் முழுக்கச் சொன்னார்: "ராகு காலத்துல போனதுக்கு ஒண்ணும் ஆகலன்னா, அது நான் வேண்டிக்கிட்டது." விமானம் சரியாகப் போய்ச் சேர்ந்ததும் அவர் புண்ணியம்! எனக்கு இடம் கிடைத்ததும் அவர் புண்ணியம்! நான் செய்தது மட்டும் அடங்காப்பிடாரித்தனம்.

போகட்டும். அவரோடு எனக்கு வழக்கு இல்லை. அவர் நம்பினார், அதனால் உட்கார்ந்தார். சீட்டைப் படிக்கத் தெரியாததால் உட்கார்ந்தார். அவர் மேல் வந்த கோபம் படிப்பு முடிவதற்குள் தேய்ந்துவிட்டது. கடைசிக் காலத்தில் அவருக்கு ஊசி போட்டதும் நான்தான். அப்போதும் நல்ல நேரம் பார்த்துத்தான் கையை நீட்டினார்.

அப்பா மட்டும் அன்றைக்கு நடந்ததைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன வருமோ என்று பயம். பெரியகுளம் அரசு மருத்துவமனையில் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஓய்வு பெற்றுவிட்ட அப்பா மாதம் ஒரு முறை ரத்த அழுத்தம் பார்க்க வருவார். மற்றவர்களோடு வரிசையில்தான் உட்கார்ந்து வருவார். ஒரு நாள் மத்தியானம் கூட்டம் இல்லை. அவர் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே கேட்டுவிட்டேன். எதனால் அன்றைக்குக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அன்னைக்கு ஏம்ப்பா நீங்க எந்திரிக்கல?"

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை.

"நீ கேட்டத் தாண்டுறப்ப பதினொண்ணு நாப்பத்தி ஒண்ணு" என்றார். "இன்னம் நாலு நிமிசம் இருந்துச்சு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நாப்பத்தி ரெண்டு, நாப்பத்தி மூணு. நாலாவது நிமிசத்துல கேட்டுல நின்ன பொண்ணு என்னயப் பாத்துச்சு. வர்றீங்களான்னு கைய காட்டுச்சு."

"நீங்க என்ன செஞ்சீக?"

"வரலன்னு தலைய ஆட்டுனேன்."

பட்டையில் காற்று அடிப்பதை நிறுத்திவிட்டேன். நான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தது வேறு. பயந்து உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார், எழுந்திருப்பதற்குள் சாத்திவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியும் கோபம்தான். ஆனால் அது ஒரு மாதிரிக் கோபம். அந்தப் பெண் கை காட்டிக் கேட்டபோது, வேண்டாம் என்று அவரே தலையை ஆட்டினார் என்பது எனக்குத் தெரியாது.

"ஏம்ப்பா?"

"நீ போயிருவ. ஒனக்கு நான் சொல்லிக் குடுத்துட்டேன், ஒனக்குத் தெரியும்" என்றார். "நானும் எந்திரிச்சுட்டா அண்ணன் அங்கன ஒத்தையில ஒக்காந்திருப்பாரேன்னு இருந்துச்சும்மா."

"நான் ஒத்தையிலதானப்பா போனேன்" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து அறையிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "பதினெட்டு வயசு எனக்கு. மெட்ராஸ நான் பாத்ததே இல்ல."

நான் பட்டையைப் பிரித்து எடுத்தேன். அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அழுத்தம் எவ்வளவு என்று கேட்டார். பார்க்கவே இல்லை என்றேன்.